எந்தப் பாடம் என்று சொல்லுங்கள்

(ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் ஆசிரியரின் ஐம்பதாண்டுப் பணி நிறைவு விழாவில், பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழா மலருக்காகப் பழைய மாணவர்கள் எழுதி அனுப்பிய நன்றியுரைகளைத் தொகுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மூன்று இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். நம் ஐயாவை ஏணி என்று எழுதியிருக்கிறார்கள். தோணி என்று எழுதியிருக்கிறார்கள். தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவத்தி என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களின் அன்பில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. ஆனால் ஐயாவின் பெயரை எடுத்துவிட்டு வேறோர் ஆசிரியரின் பெயரைப் போட்டாலும் அந்த வரிகள் அப்படியே பொருந்தும். அந்த நன்றியுரைகளுக்கு நடுவே ஓர் அம்மாவின் கடிதம் இருந்தது. ‘நான் ழகரம் சொல்ல வராமல் அழுதபோது, நாக்கின் நுனியை எங்கே மடிக்க வேண்டும் என்று உங்கள் உள்ளங்கையை மடித்துக் காட்டினீர்கள்’ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே அந்த அம்மாவின் பெயரைச் சொன்னார். மூன்றாம் வகுப்பு, ஜன்னல் ஓரம் என்று இடத்தையும் சொன்னார்.

ஒரு பாடத்தைச் சொன்னதும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை முழுதாகத் திரும்பக் கிடைத்துவிட்டது. அதனால்தான் ஆசிரியருக்கு நன்றி சொல்வது எப்படி என்ற ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். தமிழில் இதைச் செய்து காட்டிய ஒருவர் நமக்கு முன்னே இருக்கிறார். அவர் உ.வே.சாமிநாதையர்.

நாம் அவரை ஏடு தேடிய தாத்தா என்றே அறிந்திருக்கிறோம். சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்தவர். பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் மணிமேகலையையும் அச்சில் கொண்டுவந்தவர். இன்று நான் சொல்லப்போவது அவர் எழுதிய வேறொரு நூலைப் பற்றி. அவருடைய ஆசிரியர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பிள்ளையவர்கள் 1815-இல் பிறந்து 1876 பிப்ரவரி 1-ஆம் நாள் திருவாவடுதுறையில் மறைந்தார். அவருடைய வரலாற்றைச் சாமிநாதையர் இரண்டு பாகமாக எழுதி, 1933-இலும் 1934-இலும் வெளியிட்டார். ஆசிரியர் மறைந்தபோது மாணவருக்கு இருபத்தொரு வயதுகூட நிறையவில்லை. நூல் வந்தபோது வயது எழுபத்தெட்டு. நடுவில் 57 ஆண்டுகள். ஆசிரியரிடம் அவர் இருந்தது ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகள்தான். அந்த ஐந்து ஆண்டுக்கு நன்றி சொல்ல இரண்டு பாகம் எழுதினார். அது போதாமல் 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியபோது, அதிலும் பெரும்பகுதியை ஆசிரியருக்கே கொடுத்தார்.

அவ்வளவு பக்கத்தில் என்னதான் எழுதினார்? அவற்றில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன்.

1871-இல் தந்தையார் வேங்கடசுப்பையர், பதினாறு வயதுப் பையனை மாயூரத்துக்கு அழைத்துப் போய்ப் பிள்ளையவர்களிடம் விட்டார். பிள்ளையவர்களுக்குப் பையனைச் சேர்த்துக்கொள்வதில் முதலில் தயக்கம். பலர் வருகிறார்கள், சில நாள் படிக்கிறார்கள், சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. பையன் நைடதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லிக் காட்டினான், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் தாமே பாடம் சொல்லத் தொடங்கவில்லை. தம்மிடம் படித்துக்கொண்டிருந்த சவேரிநாத பிள்ளை என்ற மாணவரிடம் நைடதம் கேட்கும்படி விட்டுவிட்டார். பையனுக்கு ஏமாற்றம். வாய்விட்டுக் கேட்கவும் அச்சம்.

அந்த நாளில் பிள்ளையவர்கள் தம் வீட்டின் பின்புறத்தில் புதிதாக மரங்கள் வைத்திருந்தார். விடியற்காலையில் எழுந்து போய் எந்த மரம் தளிர்விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பையன் இதைக் கவனித்தான். மறுநாள் அவருக்கு முன்பே எழுந்து போய், எங்கெங்கே புதுத் தளிர் இருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டான். அவர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டினான். அவர் முகம் மலர்ந்தது. சில நாள் இப்படி நடந்தது. ஒரு காலையில், உங்களிடமே பாடம் கேட்க வேண்டும் என்று துணிந்து சொன்னான். அவரும் இசைந்தார். ‘என் சரித்திர’த்தில் இந்த அத்தியாயத்துக்குத் ‘தளிர் ஆராய்ச்சி’ என்று பெயர்.

இதை எழுதும்போது அவருக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல். தென்னிந்தியா முழுதும் புகழ் பெற்ற பெரியவர். ஆசிரியரிடம் இடம் பிடிக்கச் சிறு பையனாகத் தாம் செய்த உபாயத்தை மறைக்காமல் சொல்கிறார். ஆசிரியர் விடியற்காலையில் மரத்தடியில் குனிந்து பார்த்த தோற்றத்தையும் சொல்கிறார். கவிஞர், மகாவித்துவான் என்ற பட்டங்களுக்குள் மறைந்து போயிருக்கக்கூடிய ஒரு மனிதர், தளிரைக் கண்டால் முகம் மலரும் மனிதராக நமக்குக் கிடைக்கிறார்.

அடுத்து, பாடம். பிள்ளையவர்கள் அந்தாதி, மாலை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று சொல்லிக் கொடுத்தார். அந்தாதிகளில் திரிபு அந்தாதி என்று ஒரு வகை உண்டு. பாட்டின் நான்கு அடியிலும் முதலெழுத்து மட்டும் மாறும். அடுத்த எழுத்துகள் ஒன்றுபோலவே வரும். பொருள் மட்டும் அடிக்கு அடி வேறு. படிப்பவர் எங்கே சொல்லைப் பிரிக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாமரை என்றால் பூ. அதையே தா, மரை என்று பிரித்தால் தாவுகின்ற மான். இப்படி நாள்தோறும் பாட்டைப் பிரித்துப் பொருள் சொல்வதே பாடம். அச்சுப் புத்தகம் அரிது. மாணவர் ஏட்டைத் தாமே எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளையவர்கள் புராணம் பாடும்போது வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர் எழுத்தாணியால் ஓலையில் அதே வேகத்தில் எழுத வேண்டும். அம்பர்ப் புராணத்தைச் சாமிநாதையர் அப்படி எழுதியிருக்கிறார்.

1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். பிள்ளையவர்களின் மூத்த மாணவரான தியாகராச செட்டியார், ஓய்வு பெறும்போது தம் இடத்தை இவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீபைப் போய்ப் பார்த்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். இவர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கினார். முதலியார் முகத்தில் மலர்ச்சியே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பயன் என்ற பொருளில் கேட்டார். சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். இவர் படித்ததில்லை. ஆசிரியர் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

நன்றியை உரைத்துப் பார்க்கும் கல் இது. அந்த இடத்தில் ஒருவர் இரண்டு வழியில் தவறலாம். ஆசிரியர் முக்கியமானதைச் சொல்லித் தரவில்லையே என்று மனம் கசந்துபோகலாம். அல்லது ஆசிரியரின் பெருமையைக் காப்பதற்காக இந்தச் சந்திப்பையே எழுதாமல் விடலாம். சாமிநாதையர் இரண்டையும் செய்யவில்லை. முதலியார் கேட்டதை ஒளிக்காமல் எழுதினார். ஆசிரியர்மீது வைத்த பக்தியும் கடைசிவரை குறையவில்லை.

ஏன் குறையவில்லை? நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் இருக்கும். எரியும் ஏரியும் கண்ணுக்கு ஒன்றுதான். துணைக்காலையும் ரகரத்தையும் வேறு பிரிக்க முடியாது. இந்த எழுத்து வரிசையில் எங்கே வெட்டினால் சொல் வரும், பொருள் வரும், யாப்பு கெடாமல் நிற்கும் என்று பார்ப்பதே பதிப்பாசிரியர் வேலை. மாயூரத்தில் திரிபு அந்தாதியைப் பிரித்துப் பிரித்துப் பழகிய மனம் அந்த வேலைக்கு முன்பே தயாராகியிருந்தது. சிந்தாமணியை ஆசிரியர் சொல்லித் தரவில்லை. சிந்தாமணியைப் படிக்கும் கண்ணைத் தந்திருந்தார். சமண சமயக் கருத்துகள் புரியாதபோது கும்பகோணத்துச் சமணர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார் சாமிநாதையர். தளிரைத் தேடி விடியுமுன் எழுந்த பழக்கம் அதிலும் தெரிகிறது.

இன்னொரு செய்தி. சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த வீட்டின் பெயர் ‘தியாகராச விலாசம்’. வேலை வாங்கித் தந்தவரின் பெயரை வாசலில் எழுதினார். படிப்புத் தந்தவரின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதினார். யாருக்கு எதற்காகக் கடன்பட்டிருக்கிறோம் என்ற கணக்கு அவரிடம் தெளிவாக இருந்தது.

இப்போது என் கணக்கைச் சொல்ல வேண்டும். ஐயா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் அவர் நடத்திய விழுக்காட்டுப் பாடம்தான் அது.

அப்போது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் கித்தா மரம்தான் பிழைப்பு. விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் சீவப் போவார்கள். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாப் போட்டுப் பால் ஸ்டோருக்குத் தூக்கிவருவார்கள். அங்கே நிறுத்து, விழுக்காடு பார்த்து எழுதுவார்கள். மழைக்காலத்தில் அப்பா கோபத்தோடு வருவார். வாளி நிறைய பால் கொடுத்தேன், கிராணி குறைத்து எழுதிவிட்டார் என்பார். எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான்.

ஐயா ஒருநாள் ஸ்டோரிலிருந்து சின்னத் தராசை இரவல் வாங்கிவந்தார். இரண்டு தட்டு, ஒரு சீசாவில் தண்ணீர் கலந்த ஆசிட், ஒரு மங்கு பால். பாலை 100 கிராம் நிறுத்தார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஆசிட்டைத் தாமே சில துளி விட்டார். பால் தயிர்போல உறைந்தது. உறைந்ததைக் கழுவி, வெறும் போத்தலை உருட்டி மெல்லிய தகடாக்கினார். நிறுத்தோம், அறுபது கிராம் பக்கம் வந்தது. நாங்கள் ‘60 விழுக்காடு சார்’ என்று கத்தினோம். ஐயா ஒன்றும் சொல்லாமல் தகட்டை ஜன்னல் கம்பியில் காயப் போட்டார்.

மறுநாள் நிறுத்தோம். குறைந்திருந்தது. அதற்கடுத்த நாளும் குறைந்தது. எங்களுக்குத் தராசுமேல் சந்தேகம் வந்தது. தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரம் தேன் நிறத்தில் கண்ணாடிபோல் தெரிந்தது; நடுவில் வெள்ளைத் திட்டு. வெள்ளை இருக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்றார். ஒரு வாரத்தில் வெள்ளை முழுதும் மறைந்தது. எடை 33 கிராம். மறுநாளும் 33. எடை இனி இறங்காது என்று தெரிந்த பிறகுதான் கரும்பலகையில் 33 விழுக்காடு என்று எழுதினார். மற்ற 67 பங்கில் பெரும்பகுதி தண்ணீர். மரத்திலிருந்து வரும் பாலில் காய்ந்த ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், மரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது கூடும் குறையும் என்று சொன்னார்.

அதோடு விடவில்லை. மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்டு, ஒரு கணக்குப் போட்டார். வெயில் நாளில் 20 கிலோ பால், 33 விழுக்காடு, ரப்பர் 6.6 கிலோ. அதே மங்குகளில் 4 கிலோ மழைத்தண்ணீர் விழுந்தால் வாளி 24 கிலோ ஆகும். விழுக்காடு இருபத்தேழரைக்கு இறங்கும். பெருக்கிப் பாருங்கள் என்றார். பெருக்கினோம். அதே 6.6 கிலோ. வாளி நிறைந்தது தண்ணீரால்; ரப்பர் ஒரு கிராம்கூடக் கூடவில்லை.

அன்று மாலை அப்பாவின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பாலின் எடை, விழுக்காடு, காய்ந்த எடை என்று மூன்று எண்கள். அதுவரை அந்த வீட்டில் யாரும் அவற்றைச் சேர்த்துப் படித்ததில்லை. நான் பெருக்கிக் காட்டினேன். அன்றைய கணக்குச் சரியாக இருந்தது. பிறகு ஒரு வாரத்தில் ஒரு நாள் கணக்குச் சரியாக இல்லை. அப்பா சீட்டோடு போய்க் கேட்டார், திருத்திக் கொடுத்தார்கள். மூன்று எண்களையும் சேர்த்துப் படித்த பிறகு அப்பா கத்தத் தேவையில்லாமல் போனது. சீட்டில் எந்த எண் தப்பு என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது.

பின்னாளில் நான் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வரும் பால் செறிவூட்டியது. ரப்பர் 60 விழுக்காடு அளவில் இருக்கும். முதல் நாள் மேலதிகாரி சோதனையைக் காட்டினார். சிறிதளவு பாலை நிறு, தண்ணீர் சேர், அமிலம் விட்டு உறையவை, மெல்லிய தகடாக அழுத்து, 70 பாகைச் சூட்டில் அடுப்பில் காயவை, வெள்ளைத் திட்டு மறைகிறதா பார், ஆறியபின் நிறு, மறுபடி காயவைத்து மறுபடி நிறு, இரண்டு எடையும் ஒன்றாகும்வரை விடாதே என்றார். தகடு தடிப்பாக இருந்தால் நடுவில் ஈரம் தங்கிவிடும், எண் கூடிக் காட்டும் என்று எச்சரித்தார். எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை. அந்த அறையில் நின்றபடி ஜன்னல் கம்பியில் தொங்கிய அந்தத் தகட்டை நினைத்துக்கொண்டேன். கருவி வேறு, தராசு நுட்பமானது, பாடம் அதுவேதான். முப்பது ஆண்டு அந்த ஒரு பாடத்தால் சோறு சாப்பிட்டேன்.

ஐயா, இதை இத்தனை காலம் உங்களிடம் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே 16-ஆம் நாள் ஆசிரியர் தின வாழ்த்து மட்டும் அனுப்பினேன். நல்ல வாழ்த்துதான், ஆனால் நீங்கள் எதைச் செய்தீர்கள் என்று அதில் இல்லை. இன்று சொல்லிவிட்டேன். 60 என்று நாங்கள் கத்தியபோது நீங்கள் திருத்தாமல் ஒரு வாரம் காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்புக்கு என் நன்றி.

நண்பர்களே, மலர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எழுதும்போது நான்கு செய்திகளை நினைத்துப் பாருங்கள். அது எந்த வகுப்பு? ஆசிரியர் கையில் என்ன இருந்தது? அதுவரை உங்களுக்கு எது தெரியாமல் இருந்தது? பிறகு அதை எங்கே பயன்படுத்தினீர்கள்? ஆசிரியர் சொல்லித் தராதது ஏதாவது இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், சாமிநாதையர் மறைக்கவில்லை. பெரிய சொற்களைத் தேட வேண்டாம். நினைவில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும்.

ஆசிரியருக்கு இது ஏன் வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். மரம் சீவுகிறவருக்கு அன்றைய பால் அன்றே நிறுத்துத் தெரிந்துவிடும். ஆசிரியர் நடத்திய பாடம் எந்தப் பிள்ளையிடம் எப்படிக் காய்ந்து நின்றது என்று அவருக்கு யாரும் நிறுத்துச் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்த இரவில் சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். சாமிநாதையர் பக்கத்தில் இருந்து திருவாசகம் வாசித்தார். மாணவர் எழுதிய அந்த இரண்டு பாகத்தையும் ஆசிரியர் படிக்கவில்லை. நம் ஐயா இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.